பாதி நேரம், பாதி தூரம்

எங்கள் பக்கத்து ஆட்களிடம் கிலோமீட்டர் கேட்டு வாங்குவது லேசான காரியமில்லை. திருச்சுழி எவ்வளவு தூரம் என்று கேட்டால் முக்கால் மணி நேரம் என்பார்கள். நரிக்குடி எவ்வளவு தூரம் என்றால், பஸ்ஸிலா பைக்கிலா என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். இதில் ஊரில் யாருக்கும் எந்தக் கஷ்டமும் இல்லை. கஷ்டம் எனக்குத்தான். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு பாத்திரக் கடையின் மாடியில் போட்டித் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் இடம் இருக்கிறது. அங்கே சனி, ஞாயிறு நான் கணக்கு எடுக்கிறேன். வேகம், நேரம், தூரம் என்று பலகையில் எழுதிய உடனே இந்தப் பழக்கத்தோடு மல்லுக்கட்ட ஆரம்பித்துவிடுவேன்.

"நேரத்தைச் சொல்லாதீங்க. தூரம்னா தூரத்தைச் சொல்லுங்க" என்று கத்துவேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்தால் சாக்பீஸ் உடையும். மாடிப்படியில் என் செருப்புச் சத்தம் கேட்டதும் உள்ளே பேச்சு நிற்பது எனக்கு வெகுநாள் பெருமையாக இருந்தது. இப்போது அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அந்த மாடிக்கு ஒரு சனிக்கிழமை காலையில் என் மதினி வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். மதினி என்றால் என் அண்ணன் மனைவி. என் அண்ணன் இறந்து அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

மதினியைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். எங்கள் அம்மா நான் ஒன்பதாவது படிக்கும்போது போய்விட்டார். நான் பன்னிரண்டாவது முடித்த வருடம் மதினி எங்கள் வீட்டுக்கு வாழ வந்தார். பொம்பளைப் பிள்ளைக்கு இதற்கு மேல் படிப்பு எதற்கு என்று அப்பா சொன்னபோது, வந்து நாலு மாதம்கூட ஆகாத புதுப்பெண் மாமனாருக்கு முன்னால் வந்து நின்று, "அது கணக்குல நூத்துக்குத் தொண்ணூத்தாறு வாங்கிருக்கு மாமா, அதப் போயி வீட்டுல உக்கார வச்சா பாவம்" என்று சொன்னார். அப்பா அவரிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் என்னைக் கல்லூரியில் சேர்க்கக் கூட்டிப் போனார். நான் பி.எஸ்சி. கணக்கு படித்ததும், இன்றைக்கு நாலு பேர் என்னை டீச்சர் என்று கூப்பிடுவதும் மதினியால்தான். அதனால்தான் இதை எழுதவே கை வரவில்லை.

அண்ணன் லோடு வேன் ஓட்டினான். எங்கள் ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய வரை சீமைக்கருவேலம்தான். அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி, சாக்கில் கட்டி வெளியூருக்கு அனுப்புவார்கள். அந்தக் கரி லோடு அடிப்பதுதான் அண்ணன் வேலை. அவன் போன பிறகு வீட்டில் அப்பா, மதினி, எட்டாவது படிக்கும் அண்ணன் மகள். மானாவாரிக் காட்டை நம்பி மூன்று பேர் பிழைக்க முடியாது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மதினியின் தம்பி, இங்கே வந்துவிடு, வேலை வாங்கித் தருகிறேன் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். மதினி பி.ஏ. தமிழ் படித்தவர். அரசாங்க வேலைக்குக் குரூப் ஃபோர் தேர்வு எழுதலாம் என்று சொன்னது நான்.

"ஒரே ஒரு தடவ எழுதிப் பாக்குறேன்த்தா" என்றார் மதினி. "வேல கெடச்சா அருப்புக்கோட்டையில உன் வீட்டுக்குப் பக்கத்துல ஒரு ரூம் பாத்து, பிள்ளைய இங்க பெரிய பள்ளிக்கூடத்துல சேத்து இருந்துக்கிருவேன். மாமாவையும் கூட்டியாந்துரலாம். கெடைக்கலைன்னா நான் திருப்பூருக்குப் போறேன். என் தம்பியும் எம்புட்டு நாளைக்குத்தான் காத்துக்கிட்டு இருப்பான்?"

எனக்கு அது தேர்வு மட்டும் இல்லை. மதினி என் தெருவில் இருப்பார் என்ற ஆசை. சாயங்காலம் எட்டிப் பார்க்க ஒரு வீடு.

தமிழும் பொது அறிவும் மதினிக்கு நன்றாக வந்தன. எனக்கே தெரியாத இலக்கணக் குறிப்பெல்லாம் சொல்வார். கணக்குக் கேள்விகள் இருபத்தைந்துதான் அவரை மிரட்டின. அதிலும் சராசரி வேகம் வந்த அன்று நடந்தது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

பலகையில் நான் எழுதியது இது: ஒரு வண்டி ஓர் ஊருக்கு மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதே வழியில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறது. சராசரி வேகம் என்ன?

நாற்பத்தைந்து என்று வகுப்பே சேர்ந்து சொன்னது. எல்லா வருடமும் அப்படித்தான் சொல்வார்கள். முப்பதையும் அறுபதையும் கூட்டி இரண்டால் வகுத்துவிடுவார்கள். நானும் இதற்காகவே காத்திருந்து, "தப்பு" என்று சொல்லிவிட்டு ஒரு சுற்று முகங்களைப் பார்ப்பேன். அன்றைக்கு அந்தச் சந்தோஷத்தை மதினி கெடுத்துவிட்டார்.

"நாப்பது" என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

"எப்படி?" என்றேன். ஃபார்முலா இன்னும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மதினி எழுந்து நின்றார். வகுப்பில் என்னை மரியாதையாகத்தான் பேசுவார். "உங்கண்ணன்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "எங்க வீட்டுல அவுக லோடு ஏத்திக்கிட்டுப் போகும்போது முப்பதுலதான் போவாக டீச்சர். அறுபது கிலோமீட்டருன்னு வச்சுக்கங்க. போறதுக்கு ரெண்டு மணி நேரம். வெறும் வண்டியா வரும்போது ஒரு மணி நேரத்துல வந்துருவாக. ஆக மொத்தம் மூணு மணி நேரம், நூத்தி இருவது கிலோமீட்டர். மணிக்கு நாப்பதுதான வருது?"

சரிதான். இதைவிட யாரும் தெளிவாகச் சொல்ல முடியாது.

"அப்ப நாப்பத்தஞ்சு ஏன் வரலை?" என்று முன்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்.

"மெதுவாப் போறதுதான ரொம்ப நேரம்" என்றார் மதினி. "ரெண்டு மணி நேரம் மெதுவாப் போறாக. ஒரு மணி நேரம்தான் வேகமா வாராக. ரெண்டையும் சரிசமமாக் கூட்டுனா எப்படி? வீட்டுல காத்துக்கிட்டு இருக்கவுகளுக்குத் தெரியும், எது நீளம்னு."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஒரே வழியை இரண்டு வேகத்தில் கடந்தால், மெதுவான வேகம் அதிக நேரம் எடுத்துக்கொள்வதால் சராசரியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் என்று நான் அரைமணி நேரம் விளக்குவதை அவர் வாசலில் நின்று கற்றுக்கொண்டிருக்கிறார். அந்த நிமிடம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சும்மா இருந்திருக்கலாம். புத்தகத்தில் அடுத்த கணக்கு அப்படி. நான் யோசிக்காமல் பலகையில் எழுதிவிட்டேன். அதே வண்டி முப்பதில் போய்விட்டது. போக வர மொத்தத்துக்கும் சராசரி அறுபது வர வேண்டும் என்றால் என்ன வேகத்தில் திரும்ப வேண்டும்?

"தொண்ணூறு" என்றார்கள். முப்பதும் தொண்ணூறும் நூற்றிருபது, பாதி அறுபது என்ற அதே தப்பு.

மதினி இந்த முறை எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னார். "அது முடியாது டீச்சர். போக வர நூத்தி இருவது கிலோமீட்டர். மணிக்கு அறுபதுன்னா மொத்தமே ரெண்டு மணி நேரந்தான். அந்த ரெண்டு மணி நேரமும் போறதுலேயே தீந்துபோச்சு. அதுக்கப்புறம் எம்புட்டு வேகமா வந்தாலும் ஆகாது."

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. அண்ணன் இறந்த அன்று மகளுக்குப் பள்ளி ஆண்டு விழா. அவள் ஆறு மணிக்கு மேடையில் ஆட வேண்டும். அன்று லோடு கனம், வண்டி வேகமே எடுக்கவில்லை, போய் இறக்கவும் நேரமாகிவிட்டது. "போனதுல போன நேரத்த வர்றதுல புடிச்சுருவேன், நீங்க கெளம்பி இருங்க" என்று மதினிக்குப் போன் செய்திருக்கிறான். ரோட்டோரம் நிறுத்தி வைத்திருந்த டிராக்டர் டிப்பரில் வந்து மோதினான். விளக்கு வைக்கிற நேரம். ஆறு மணி ஏற்கெனவே தாண்டியிருந்தது. அதற்குப் பிறகு அவன் எந்த வேகத்தில் வந்திருந்தாலும் அந்த ஆட்டத்தைப் பார்த்திருக்க முடியாது.

விடை "இயலாது" என்று பலகையில் எழுதினேன். டீ குடிக்கப் போய் வரச் சொல்லி எல்லாரையும் அனுப்பினேன். மதினி மட்டும் நோட்டில் எதையோ அடித்துத் திருத்திக்கொண்டிருந்தார். நான் அருகில் போய் நின்றேன். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை, அன்றும் சரி, பிறகும் சரி.

இந்த அளவுக்குக் கணக்கைப் புரிந்துகொண்ட மனுஷியை நான் அவர் வழியிலேயே விட்டிருக்க வேண்டும். நான் விடவில்லை.

மாதிரித் தேர்வு வைக்க ஆரம்பித்தோம். இருநூறு கேள்வி, மூன்று மணி நேரம். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. மதினி ஒவ்வொரு கணக்குக்கும் தன் வழியிலேயே போவார். ஒரு தூரத்தை நினைத்துக்கொள்வார், நேரம் கண்டுபிடிப்பார், கூட்டுவார், வகுப்பார், மறுபடியும் சரிபார்ப்பார். விடை சரியாக வரும். ஆனால் மூன்று நான்கு நிமிடம் ஆகும். முதல் மாதிரித் தேர்வில் கடைசிப் பதினெட்டுக் கேள்விகளைத் தொடவே இல்லை. அடுத்ததில் பதினைந்து.

எனக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். என் வீட்டுச் சமையலறையில் உட்கார வைத்துத் திட்டினேன்.

"மதினி, இது வாழ்க்கையில்ல, பரீட்சை. யோசிக்கக் கூடாது. போக வரன்னு இருந்தா, பாதி பாதின்னு இருந்தா, கண்ணை மூடிக்கிட்டு ஷார்ட்கட்டைப் போடுங்க. ரெண்டு வேகத்தையும் பெருக்கு, அதை ரெண்டால பெருக்கு, ரெண்டு வேகத்தையும் கூட்டி அதால வகு. முப்பது, அறுபது. பெருக்குனா ஆயிரத்தி எண்ணூறு. ரெண்டு மடங்கு மூவாயிரத்தி அறுநூறு. தொண்ணூறால வகுத்தா நாப்பது. முடிஞ்சது. பத்து செகண்டு."

"சரித்தா."

"சும்மா கூட்டி ரெண்டால வகுத்து வர்ற விடைய நாலு ஆப்ஷன்ல ஒண்ணா வச்சுருப்பாங்க. அதுதான் பொறி. அதுல மட்டும் கைய வைக்கக் கூடாது."

"சரித்தா."

"நேரத்தை வச்சு யோசிக்கவே யோசிக்காதீங்க. அந்தப் பழக்கந்தான் உங்களைக் கெடுக்குது."

"சரி. இனி யோசிக்கல" என்று சிரித்தார் மதினி.

அடுத்த சில வாரம் அதுதான் வேலை. பஸ் ஏற்றிவிடப் போகும்போதுகூட "நாப்பது, அறுபது" என்பேன். "நாப்பத்தெட்டு" என்பார். "இருவது, முப்பது" என்பேன். "இருபத்தி நாலு" என்பார். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் எங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். மதினிக்கு அது ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. அண்ணன் போன பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அந்த நாட்களில்தான். மாதிரித் தேர்வில் கேள்விகள் மிச்சமாவது நின்றது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் வகுப்பில் ஒருவர் கேட்டார், "டீச்சர், பாதி தூரம்னு இல்லாம பாதி நேரம்னு கேட்டா?" தறி வேலை முடித்துவிட்டு வகுப்புக்கு வருகிறவர், அதிகம் பேசாதவர்.

"அது சும்மா கூட்டி ரெண்டால வகுக்குறதுதான். சின்னப் பிள்ளைங்க கணக்கு. அதையெல்லாம் யார் கேப்பா? நேரத்தை வீணாக்காதீங்க" என்று அவர் வாயை அடைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். மதினி அன்று வகுப்பில் இருந்தாரா என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை. இருந்திருந்தாலும் அந்தப் பதிலில் கற்றுக்கொள்ள என்ன இருந்தது?

தேர்வு நடந்த ஞாயிற்றுக்கிழமை மதினி நேராக என் வீட்டுக்கு வந்தார். முகம் வேர்த்திருந்தாலும் கண் சிரித்தது. கேள்வித்தாளை என் கையில் கொடுத்தார்.

"எல்லாத்தையும் எழுதிட்டேன்த்தா. ஒண்ணக்கூட விடல. சராசரி வேகம் ஒண்ணு வந்துச்சு. நீ சொன்ன மாதிரியே போட்டேன்."

"எது விடை போட்டீங்க?"

"நாப்பது, அறுபது."

"நாப்பத்தெட்டு" என்று இருவரும் சேர்ந்து சொன்னோம். அவருக்கு அன்று பால் பாயசம் வைத்துக் கொடுத்தேன். எந்தத் தெருவில் வீடு பார்க்கலாம் என்றுகூடப் பேசினோம். தண்ணீர் வசதி, பள்ளிக்கூடம் நடக்கிற தூரம், எல்லாம் பேசினோம்.

சில நாளில் விடைக்குறிப்பு வந்தது. நான் மதினியின் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருத்தினேன். அவர் விடைத்தாளில் வட்டம் கறுப்பாக்கிய விடைகளைக் கேள்வித்தாளிலும் சின்னதாக டிக் செய்து வைத்திருந்தார். தமிழில் ஏழெட்டுப் போயிருந்தது. பொது அறிவில் கொஞ்சம். கணக்கில் நாலு தப்பு. அந்த நாலில் சராசரி வேகமும் ஒன்று. விடைக்குறிப்பு ஐம்பது என்றது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. விடைக்குறிப்பு தப்பு என்றுதான் நினைத்தேன். நாற்பது, அறுபது, சராசரி நாற்பத்தெட்டு. இதுகூடத் தெரியாமலா விடை போடுகிறார்கள் என்று கத்தினேன். ஆட்சேபம் அனுப்பலாம் என்று போனை எடுத்து, பயிற்சி இடத்தின் உரிமையாளரைக் கூப்பிட்டேன். "கேள்வியை வாசிங்க டீச்சர்" என்றார் அவர்.

கோபத்தோடு உரக்க வாசித்தேன். "ஒருவர் தமது பயண நேரத்தின் முதல் பாதியை மணிக்கு 40 கி.மீ. வேகத்திலும், மறுபாதியை..." அங்கேயே நிறுத்தி, அந்த வரியை முதலிலிருந்து மறுபடி பார்த்தேன்.

நேரத்தின் பாதி. தூரத்தின் பாதி இல்லை. இரண்டு வேகத்துக்கும் ஒரே அளவு நேரம் கிடைத்துவிட்டால் எதுவும் எதையும் தன் பக்கம் இழுக்காது. சும்மா கூட்டி இரண்டால் வகுத்தாலே சரி. ஐம்பதுதான். வருடக்கணக்காக நான் தப்பு தப்பு என்று சொல்லிப் பழக்கிய வழி, சரியாக இருக்கும் ஒரே இடம் அது. பலகைக்கு முன்னால் நின்று ஊரையே வாசிக்கச் சொல்லும் நான், ஒரு சொல்லை வாசிக்கவில்லை.

போனை வைத்துவிட்டு அந்தப் பக்கத்தை மறுபடி பார்த்தேன். கேள்விக்குக் கீழே ஓரத்தில் பொடி எழுத்தில் மதினி போட்டுப் பார்த்த கணக்கு இருந்தது. 2 மணி, 80. 2 மணி, 120. மொத்தம் 4 மணி, 200. அதற்கும் கீழே 50.

அதன் குறுக்கே ஒரு கோடு. அடித்திருந்தார். பக்கத்தில் என் ஷார்ட்கட். இரண்டு பெருக்கல் நாற்பது பெருக்கல் அறுபது, கீழே நூறு. விடை 48. டிக்.

நான் அந்தப் பக்கத்தை மடித்துத் தாளைப் பீரோவில் துணிக்கு அடியில் வைத்தேன். மதினி கேட்டபோது, "ஒண்ணு ரெண்டு அங்கங்க போயிருக்கு மதினி, பயப்படாதீங்க" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். மாதக்கணக்கில் அப்படியே சொன்னேன். அவர் மறுபடி அந்தத் தாளைக் கேட்கவில்லை. பிழைக்கத் தெரிந்தவர், காத்திருக்கவும் தெரிந்தவர் என்று நானாக நினைத்துக்கொண்டேன். சாமி கும்பிடும்போதெல்லாம் அந்த ஒரு கேள்வியில் போக வேண்டாம் என்று மட்டும்தான் வேண்டினேன்.

முடிவு வந்தது. எங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவில் சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிடப்பட்டவர்களில் எனக்குத் தெரிந்த வரையில் கடைசி ஆள், என் வகுப்பிலேயே படித்த ஒரு பெண். அவளுக்கும் மதினிக்கும் ஒன்றரை மதிப்பெண் வித்தியாசம். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். அது ஒன்று கிடைத்திருந்தால் இருவரும் சமம், மதினியையும் கூப்பிட்டிருப்பார்கள். எத்தனை கேள்வி தப்பாகியிருக்கிறது, அந்த ஒன்றால்தான் போனது என்று எப்படிச் சொல்ல முடியும் என்று என் வீட்டுக்காரர் தேற்றினார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மற்ற தப்பெல்லாம் மதினிக்குத் தெரியாமல் போனவை. இது தெரிந்து, சரியாகப் போட்டு, என்னால் அடித்தது. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மதினி அழவில்லை. அடுத்த வாரமே பள்ளிக்கூடத்தில் மகளுக்கு டிசி வாங்கினார். அப்பா ஊரைவிட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆடுகளை விற்கவும் சம்மதிக்கவில்லை. "இன்னும் ஒரு தடவ எழுதுங்க மதினி, நான் பாத்துக்கிறேன்" என்று கெஞ்சினேன். "நீ எம்புட்டு நாளைக்குத்தா பாப்ப? சொன்னா சொன்னதுதான்" என்றார்.

அவர்கள் கிளம்பிய காலையில் மதுரை பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். இரண்டு பெரிய பை, ஒரு குக்கர் அட்டைப்பெட்டி. அண்ணன் மகள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. டிரைவர் இன்னும் ஏறவில்லை. மதினி கீழே என்னோடு நின்றார்.

இனி எப்போது சொல்வது? சொல்லிவிட்டேன்.

"மதினி, அந்தச் சராசரி வேகக் கணக்கு. நாப்பத்தெட்டு இல்ல. அம்பது. நான்தான்..."

"தெரியும்த்தா" என்றார். "ஆன்சர் கீ வந்தன்னைக்கே நம்ம ஊருல ஒரு பிள்ளையோட போன்ல பாத்துட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீ வருத்தப்படுவ."

எட்டு மாதம். நான் அவரிடம் மறைக்கிறேன் என்று நினைத்த எட்டு மாதமும் அவர் என்னிடம் மறைத்திருக்கிறார். கேட்கக் கூடாததைக் கேட்டேன்.

"நீங்க மொதல்ல சரியாத்தான போட்டீங்க. அம்பதுன்னு எழுதிருந்தீங்களே. பிறகு ஏன் மதினி அடிச்சீங்க?"

டிரைவர் ஏறி ஹார்ன் அடித்தார். மதினி படியில் ஒரு காலை வைத்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, திரும்பிப் பார்த்தார்.

"எங்கணக்கு ஒண்ணு வந்துச்சு, உங்கணக்கு ஒண்ணு வந்துச்சு. ரெண்டுல ஒண்ணுதான சரியா இருக்கும்? உங்கணக்கு எப்படித்தா தப்பாகும்னு அடிச்சுட்டேன்."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. குறையாகச் சொல்லியிருந்தால் நான் அங்கேயே நின்று அழுது தீர்த்திருப்பேன்.